ஓட்டிசம் மதிப்பீடு கேட்டு ஜீபிக்கு எழுதும் கடிதம்

வணக்கம் டொக்டர். எனக்கு வயது 41. மானிப்பாயில் பிறந்து 2003 இல் லண்டன் வந்தேன். பார்க் ரோயலில் ஒரு களஞ்சியத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆட்களோடு பழகத் தெரியாது. மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்தில் தந்த படிவத்தை வாசித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது. ஜீபியிடம் போனேன். "வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, உங்களுக்கு அது இராது, இது பதற்றம்" என்று சொல்லி சேர்ட்ரலீன் குளிசை எழுதித் தந்தார். எனக்கு வாய் அடைத்துவிட்டது, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது கடிதமாகக் கொடுக்கலாம் என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், இத்துடன் இணைத்துள்ளேன். அனுப்பப் பயமாக இருக்கிறது. "சண்டைக்குள்ள வளந்த எல்லாரும் இப்பிடித்தான்ரா" என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. அவர் சொல்வது சரியா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

தம்பி,

ஆறு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். கடிதத்தைப் பற்றிக் கதைக்க முதல் ஐந்தாம் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே ரயில் நேரங்களைப் பற்றி எழுதிக்கொண்டு போகிற இடத்தில், நடுவில் ஒரு வரி இருக்கிறது: "சில நாள் காலமை நித்திரையால எழும்பாமலே விட்டால் நல்லம் எண்டு இருக்கும்." அதை எழுதிவிட்டு மறுபடி ரயிலுக்குப் போய்விட்டீர்கள். இந்த வரி ஐந்தாம் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஜீபிக்குப் போகும் கடிதத்தின் முதல் பந்தியில் இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கான வரிசை நீளமானது. இந்த எண்ணத்தை அந்த வரிசையில் நிறுத்தி வைக்க முடியாது. இந்தக் கிழமைக்குள் ஜீபியிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள். ரெலிபோனில் சொல்ல வராவிட்டால் ஒரு துண்டில் எழுதி வரவேற்பு மேசையில் கொடுங்கள். எண்ணம் கூடினால் 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்துங்கள், மனநலப் பகுதிக்குப் போகும். இரவோ பகலோ 116 123 இல் சமாரிட்டன்ஸ் பதில் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் 999. உங்கள் மனைவிக்கும் இந்த வரி தெரிந்திருப்பது நல்லது. ஓட்டிசம் உள்ள வயதுவந்தவர்களிடையே இப்படியான எண்ணமும் அதனால் வரும் இழப்பும் மற்றவர்களைவிடக் கூட. அதனால் இந்த வரியை நான் சாதாரணமாக விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

குளிசையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். உங்கள் ஜீபி பதற்றம் என்று சொன்னது பிழை இல்லை; நீங்கள் எழுதியிருப்பதில் பதற்றம் தெளிவாகத் தெரிகிறது. பிழை அவர் காட்டிய காரணத்தில்தான். வேலையும் குடும்பமும் இருப்பவருக்கு ஓட்டிசம் இராது என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. பதற்றமும் ஓட்டிசமும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

ஜீபிகள் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது எழுத்திலேயே இருக்கிறது. நைஸ் என்ற அமைப்பு 2012 இல் வெளியிட்ட CG142 என்ற வழிகாட்டி வயதுவந்தவர்களின் ஓட்டிசத்தைப் பற்றியது. அதன்படி ஜீபி இரண்டு கூடைகளைப் பார்க்க வேண்டும். முதல் கூடையில் மூன்று இருக்கிறது: ஆட்களோடு பழகுவதில் நீடித்த சிரமம், பேச்சு மற்றும் சைகை வழியான தொடர்பாடலில் நீடித்த சிரமம், ஒரே மாதிரியான பழக்கங்களும் மாற்றத்தைத் தாங்க முடியாமையும் ஒன்றிரண்டு விடயங்களில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடும். இரண்டாவது கூடையில் நான்கு: வேலையையோ படிப்பையோ பெறுவதில் அல்லது தக்கவைப்பதில் சிக்கல், உறவுகளைத் தொடங்குவதில் அல்லது தொடர்வதில் சிக்கல், மனநலச் சேவைகளோடு முன்போ இப்போதோ தொடர்பு, மனநலப் பிரச்சினை அல்லது கவனக்குறைவு மிகையியக்கம் போன்ற வளர்ச்சி சார்ந்த நிலை ஏதும் இருந்த வரலாறு. முதல் கூடையில் ஒன்றாவது, இரண்டாவது கூடையில் ஒன்றாவது இருந்தால் மதிப்பீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி.

உங்களுக்கு ஓட்டிசம் என்று ஜீபி தீர்மானிக்க வேண்டியதில்லை, நீங்களும் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு கூடையிலும் ஏதோ இருக்கிறது என்று காட்டினால் போதும். உங்கள் ஆறு பக்கமும் நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த வழிகாட்டியிலேயே வரும் AQ-10 என்ற பத்துக் கேள்விப் படிவத்தை நிரப்பிக் கடிதத்தோடு வையுங்கள். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்பது அளவு. 6 க்குக் குறைந்தாலும், ஜீபிக்கு மருத்துவ ரீதியாகச் சந்தேகம் இருந்தால் அனுப்பலாம் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. நம்மவர்கள் இதில் ஒரு இடத்தில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். எதிரில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குச் சலிப்பு வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா என்ற கருத்தில் ஒரு கேள்வி வரும். "தெரியும்" என்று எழுதிவிடுவார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மனுசி மேசைக்குக் கீழால காலை மிதிப்பா" என்பார்கள். அது உங்களுக்குத் தெரிந்தது இல்லை, மனைவிக்குத் தெரிந்தது. இப்படி ஒருவரின் உதவியோடோ, பல வருடம் பாடமாக்கியோ செய்கிற காரியத்துக்கு "எனக்கு இலகு" என்று பதில் போட வேண்டாம்.

இனிக் கடிதம். 27 வருடம் இந்த நாட்டில் ஜீபியாக இருந்தவன் என்ற முறையில் என் பக்கத்துப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். அவர் என்னிடம் நிறையச் சொல்லியிருந்தார். நான் எழுதியது ஒரேயொரு வரி: "நீண்டகாலமாகப் பழகுவதில் சிரமம், ஓட்டிசமா என்று பார்க்கவும்." வந்த பரிந்துரைகளைத் தரம்பிரிக்கும் குழு, தகவல் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. அவர் அதை "உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு மூன்று வருடம் என் பக்கமே வரவில்லை. அந்த மூன்று வருடத்துக்கும் காரணம் என் ஒரு வரி. ஜீபிக்கு உங்களோடு இருப்பது ஏறத்தாழப் பத்து நிமிடம். அதில் நீங்கள் வாயடைத்துப்போன நிமிடங்களும் அடக்கம். நீங்கள் எழுதிக் கொடுக்கும் பக்கம் உங்கள் பதிவேட்டில் ஏறும், பரிந்துரையோடு இணைந்து போகும். தரம்பிரிக்கும் குழு வாசிக்கப்போவது உங்கள் சொற்களைத்தான். அதனால் அது ஒரு பக்கமாக, கூடினால் ஒன்றரைப் பக்கமாக இருக்க வேண்டும்.

உங்கள் முதலாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்குப் பழகும் திறன் குறைவு. தனிமை பிடிக்கும். சத்தம் பிடிக்காது. கூட்டம் என்றால் ஒதுங்கிவிடுவேன்." எல்லாம் உண்மைதான். ஆனால் இதே நான்கு வரியைக் கூச்ச சுபாவம் உள்ளவரும் எழுதுவார், மனச்சோர்வில் இருப்பவரும் எழுதுவார், ஷெல்லடிக்குள் வளர்ந்தவரும் எழுதுவார். வாசிப்பவரால் எதையும் பிரித்தெடுக்க முடியாது. மூன்றாம் பக்கத்தில் உங்கள் மருமகளின் சாமத்திய வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கடிதம் இருக்கிறது. மண்டபத்துக்குள் போனதும் வீடியோக்காரரிடம் போய் அவருடைய வயரைப் பிடித்துக்கொண்டு நாலு மணித்தியாலம் நின்றிருக்கிறீர்கள். கையில் ஒரு வேலை இருந்தால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதை 14 வயதில் கண்டுபிடித்ததாகவும், அன்றிலிருந்து எந்தக் கொண்டாட்டத்திலும் வேலை இல்லாமல் நின்றதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாராவது "எப்பிடி இருக்கிறீர்?" என்று கேட்டால் சொல்வதற்கு மூன்று பதில்கள் வைத்திருக்கிறீர்கள், வயதுக்கு ஏற்ப ஒன்று. நாலாவது கேள்வி வந்தால் தேத்தண்ணி எடுக்கப் போய்விடுவீர்கள். வீட்டுக்கு வந்து இருட்டறையில் மறுநாள் மத்தியானம் வரை படுத்திருந்தீர்கள். இந்தப் பந்தியை வாசிக்கிற மதிப்பீட்டாளருக்குக் கூச்சம் வேறு, இது வேறு என்று விளங்கும். ஒரு பழக்கம் எந்த வயதில் தொடங்கியது, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள், சமாளித்ததற்குப் பின் உடம்பு கொடுத்த விலை என்ன என்ற மூன்றும் அதில் இருக்கிறது. அப்படி மூன்று சம்பவம் போதும், முப்பது வேண்டாம்.

இனி அண்ணா சொன்னது. அதை நான் தள்ளிவிடப்போவதில்லை, மதிப்பீட்டாளரும் தள்ளிவிட மாட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் ஒரே பாதையால் தென்மராட்சிக்குப் போனபோது உங்களுக்கு 11 வயது. அதற்கு முன் 1987 இலும் 1990 இலும் நடந்ததெல்லாம் அந்தச் சின்ன உடம்புக்குள் போயிருக்கும். போரின் பாதிப்பும் சத்தத்துக்குத் துடிக்க வைக்கும், ஆட்களிடமிருந்து ஒதுங்க வைக்கும், முகத்தில் உணர்ச்சி வராமல் செய்யும். வெளியில் பார்க்க ஓட்டிசம் போலவே இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் தடையில்லை.

பிரித்துப் பார்க்க வழி என்ன? "சண்டைக்கு முதல் எப்படி இருந்தீர்கள்?" என்ற வழமையான கேள்வி உங்களுக்கு உதவாது, ஏனென்றால் சண்டைக்கு முதல் என்று உங்களுக்கு ஒரு காலமே இல்லை. அதனால் நான் பார்ப்பது வேறு இரண்டு.

ஒன்று, எந்தச் சத்தம் என்பது. போரின் தழும்பு பெரும்பாலும் போரை நினைவுபடுத்தும் சத்தத்தில் எழும்: பட்டாசு, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர், படாரென்று அடிபடும் கதவு. அதோடு பழைய காட்சி கண்முன் வரும், அல்லது கனவில் வரும். நீங்கள் எழுதியிருப்பது வேறு. கய் ஃபோக்ஸ் இரவின் பட்டாசு உங்களை அவ்வளவு பாதிக்கவில்லை, அண்ணாதான் அன்றைக்கு யன்னலை மூடிக்கொண்டு இருப்பார் என்கிறீர்கள். உங்களால் தாங்க முடியாதது அம்மா திருவலையில் தேங்காய் துருவும் சத்தம், இப்போது களஞ்சியத்தில் பார்சல் ஒட்டும் ரேப்பை இழுக்கும் சத்தம். அதில் பயம் இல்லை, பழைய காட்சி இல்லை, "பல்லுக்குள்ளால போற மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேறுபாடு கடிதத்தில் கட்டாயம் வர வேண்டும்.

மற்றது, கூடப் பிறந்தவர்கள். அதே வீடு, அதே பங்கர், அதே 1995. அண்ணா உங்களைவிட இரண்டு வயது மூப்பு. சாவகச்சேரியில் இடம்பெயர்ந்து இருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு கிழமைக்குள் அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்து கிளித்தட்டு விளையாடினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஓரத்தில் நின்று கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள், கோடு அழிந்தால் திரும்பக் கீறினீர்கள். போர் இருவருக்கும் பொது. கோட்டைக் காவல் காத்தது நீங்கள் மட்டும். அண்ணாவுக்குப் போர் விட்டுப்போனதும் உங்களுக்கு இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் இதை வைத்து நான் ஓட்டிசம் என்று சொல்லவில்லை. மதிப்பீடு தேவை என்றுதான் சொல்கிறேன்.

போரைக் கடிதத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தால் மதிப்பீட்டு நாளில் அது வெளியே வரும்போது எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று ஆகிவிடும். நீங்களே முதலில் சொல்லி, இரண்டையும் பிரித்தும் காட்டிவிடுங்கள்.

கூடப் பிறந்தவர்களோடு ஒப்பிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்காமல் இருப்பதும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதும் நமது வீடுகளில் மரியாதை. அப்படி வளர்ந்த ஒருவர் கண்ணைப் பார்க்காததை இங்குள்ள மதிப்பீட்டாளர் ஓட்டிசம் என்று எடுக்கலாம். அல்லது "அவர்கள் கலாசாரம் அப்படி" என்று சொல்லி உண்மையான அறிகுறியையே விட்டுவிடலாம். இரண்டும் நடந்திருக்கிறது. "எங்கள் வீட்டு வழக்கத்துக்குள்ளும் நான் வேறாக இருந்தேன்" என்று காட்டினால் இரண்டு பிழைக்கும் இடமில்லை.

உங்கள் பள்ளிக்கூட அறிக்கைகள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, அது இல்லாமலும் மதிப்பீடு செய்வார்கள். ஆனால் ஓட்டிசம் என்றால் சிறுவயதிலேயே அடையாளம் இருந்திருக்க வேண்டும், வெளியில் தெரியவந்தது பிந்தியாக இருந்தாலும். அதனால் உங்கள் குழந்தைப் பருவத்தை அறிந்த ஒருவரிடம் கேட்க விரும்புவார்கள். அம்மா ஊரில் இருந்தாலும் ரெலிபோனிலோ வீடியோவிலோ கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரை அவர்கள்தான் ஒழுங்கு செய்ய வேண்டும், வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக்கூடாது. இதைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

அம்மாவிடம் நீங்கள் முதலில் கதைக்கும்போது "நான் சின்னனில வித்தியாசமா இருந்தனானா?" என்று கேட்க வேண்டாம். எந்தத் தாயும் அதற்குத் தரும் பதில் எனக்குத் தெரியும்: "என்ர பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் தரேல்லை." இந்த ஒரு வசனம் மொழிபெயர்ந்து அறிக்கைக்குள் போகும்போது "வளர்ச்சி இயல்பாக இருந்தது" என்று ஆகிவிடும். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் சொன்ன சொல் பிள்ளைக்கே வழியை அடைக்கும். பதிலாக, கதை வரும்படி கேளுங்கள். "நாலு வயசில நான் முத்தத்தில என்ன செய்துகொண்டு இருப்பன்?" "என்னைச் சாப்பிட வைக்கிறது எப்பிடி?" "ஆரும் வீட்டை வந்தால் நான் எங்க இருப்பன்?" இப்படிக் கேட்டால் அம்மா தன்னையறியாமல் சொல்லிவிடுவார். அக்காவிடமும் கேளுங்கள். உங்களுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவருக்குப் பதினொன்று. அந்த வயதுப் பெண்பிள்ளை தம்பியைத் தூக்கித் திரிந்திருப்பாள். தாயைவிடக் கூடக் கவனித்திருப்பாள்.

உங்கள் ஆறு பக்கத்தில் இருந்து நான் சுருக்கிய மாதிரியைக் கீழே தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது இதே எளிமையில் எழுதுங்கள், பெரிய மருத்துவச் சொற்கள் வேண்டாம். சொல்லிக்கொடுத்து எழுதியதுபோல இருந்தால் வாசிப்பவருக்கு நம்பிக்கை குறையும்.

"அன்புள்ள டொக்டர், வயதுவந்தோருக்கான ஓட்டிச மதிப்பீட்டுக்கு என்னைப் பரிந்துரைக்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன். நேரில் கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. முதலில் ஒன்று: சில காலைகளில் எழும்பாமலே விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. அதைப் பற்றி உங்களோடு விரைவில் கதைக்க வேண்டும்.

"சிறுவயது: நான் விளையாடும் பிள்ளைகளோடு சேர்ந்ததில்லை. ஐந்து வயதில் புளியங்கொட்டைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் இருப்பேன் என்கிறார் அக்கா. 11 வயதில் இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் என் அண்ணா ஒரு கிழமையில் நண்பர்களைச் சேர்த்தார். நான் விளையாட்டுக் கோடுகளைத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டு நின்றேன். நாங்கள் போருக்குள் வளர்ந்தோம், அதன் பாதிப்பு எங்கள் இருவருக்கும் உண்டு. ஆனால் என்னைத் துன்புறுத்தும் சத்தங்கள் போரை நினைவுபடுத்துபவை அல்ல. தேங்காய் துருவுவதும் ஒட்டுநாடாவை இழுப்பதும்தான் என்னால் தாங்க முடியாதவை.

"ஆட்களோடு: கொண்டாட்டங்களில் கையில் ஒரு வேலை இல்லாமல் என்னால் நிற்க முடியாது. 14 வயதிலிருந்து இப்படித்தான். சுகம் விசாரித்தால் சொல்வதற்கு மூன்று பதில்கள் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ரெலிபோன் எடுக்க முதல் சொல்லப்போவதைக் கடித உறையின் பின்பக்கத்தில் எழுதுவேன். ஒரு கொண்டாட்டத்துக்குப் பின் அடுத்த நாள் மத்தியானம் வரை இருட்டறையில் படுத்திருப்பேன். மனைவியின் குடும்பத்தில் இதனால் பல மனக்கசப்பு.

"வேலை: சரக்குக் கணக்கில் பிழை விட்டதில்லை. 2019 இல் மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விளங்காமல் நாலு மாதத்தில் நானே கேட்டுப் பழைய வேலைக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து பதற்றம் கூடியது.

"AQ-10 படிவத்தை இணைத்துள்ளேன். என் அம்மாவும் அக்காவும் என் சிறுவயதைப் பற்றிச் சொல்லத் தயார். அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. ரெலிபோனில் என்னால் கதைக்க முடியாது என்பதால் கடிதம், குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சலில் தொடர்புகொள்ளுங்கள்."

முதலாம் கூடையும் இரண்டாம் கூடையும் இதற்குள் இருக்கின்றன. மேற்பார்வையாளர் கதையை நீங்கள் நாலாம் பக்கத்தில் வெட்கத்தோடு ஒளித்து எழுதியிருந்தீர்கள். வேலையில் சிக்கல் இல்லை என்று சொன்ன ஜீபிக்கு அதுதான் நேரடியான பதில். கடைசி வரியில் கேட்ட தொடர்புமுறையைச் சலுகை என்று நினைத்துக் கூச வேண்டாம். 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இயலாமை உள்ளவர்களுக்கு நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையைச் சேவை தருபவர்கள் மேல் வைக்கிறது.

எங்கே அனுப்புவது என்பதில் உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. நீங்கள் இங்கிலாந்தில் இருப்பதால் "தெரிவு செய்யும் உரிமை"யைப் பயன்படுத்தலாம். என்எச்எஸ் ஒப்பந்தம் உள்ள, வயதுவந்தோருக்கு ஓட்டிச மதிப்பீடு செய்யும் வேறொரு நிறுவனத்தை நீங்கள் தெரிவு செய்து, அங்கே அனுப்பும்படி ஜீபியிடம் கேட்கலாம். காசு கட்டத் தேவையில்லை. ஆனால் பரிந்துரை ஜீபியிடமிருந்துதான் போக வேண்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு இந்த வழி இல்லை. பரிந்துரைத்து 13 கிழமைக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது நைஸ் வைத்த தரம். நடைமுறையில் பல இடங்களில் ஒரு வருடத்துக்கு மேல் போகிறது. தெரிவு செய்ய முதல் ஒவ்வொரு நிறுவனத்திடமும் மூன்று கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: இப்போது காத்திருப்பு எவ்வளவு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டா, நேரில் பார்ப்பார்களா வீடியோவிலா.

மதிப்பீட்டு நாளில் உங்கள் வரலாற்றைக் கேட்பதோடு, படம் மட்டும் உள்ள ஒரு புத்தகத்தைத் தந்து கதை சொல்லச் சொல்லலாம், சில பொருட்களை வைத்து ஒரு கதையைக் கற்பனை செய்யச் சொல்லலாம். சின்னப்பிள்ளை வேலைபோலத் தோன்றும். கதையின் சுவைக்குப் புள்ளி இல்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள், எதிரில் இருப்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு மூன்று பதிலையும் பாடமாக்கிக்கொண்டு போக வேண்டாம். 27 வருடமாகப் பயின்ற நடிப்பை அங்கே செய்தால் அவர்கள் பார்ப்பது நடிப்பைத்தான். முடிவு "ஓட்டிசம் இல்லை" என்றும் வரலாம். அப்படி வந்தால், இதெல்லாம் வேறு எதனால் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். போரின் பாதிப்பு என்று சொன்னால் அதற்கும் தனியான சிகிச்சை உண்டு, அதற்கும் பரிந்துரை வேண்டும்.

ஜீபி மறுபடியும் மறுத்தால் வாக்குவாதப்பட வேண்டாம். மறுத்த காரணத்தைப் பதிவேட்டில் எழுதும்படி கேட்டுவிட்டு, அதே மருத்துவ நிலையத்தில் வேறொரு ஜீபிக்கு இதே கடிதத்தைக் கொடுங்கள். CG142 என்ற இலக்கத்தை மேலே எழுதிவிடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் நிலையத்தின் முகாமையாளருக்கு எழுதலாம்.

கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, கொடுத்து இரண்டு கிழமையில் ஒரேயொரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: பரிந்துரை எந்தத் தேதியில், எங்கே போனது? "அனுப்பியாச்சு" என்ற பதில் போதாது, தேதி வேண்டும். பிறகு நிறுவனத்திலிருந்து கேள்விப் படிவங்கள் வரும். குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்பாதவர்களைச் சில இடங்களில் பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறார்கள். இப்படி இடம் இழந்தவர்களில் அநேகர் படிவம் நிரப்புவதே சிரமமானவர்கள் என்பது எனக்கு இன்றும் கோபம் தரும் விடயம். வந்த அன்றே மனைவியோடு இருந்து நிரப்பத் தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் குறைகிறது. புளியங்கொட்டையைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அக்கா எப்போதோ பகிடியாகச் சொன்னதாக. அனுப்ப முதல் அவரிடம் குறுஞ்செய்தியிலாவது கேளுங்கள்: எப்படி அடுக்கினேன், யாராவது குழப்பினால் என்ன செய்தேன், சாப்பிடக் கூப்பிட்டால் வந்தேனா? அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.